வாளியைத் திருப்பித் தந்த சென்னியம்மாள்

வேலை பார்த்த தறிக்கூடம் மூடிய பிறகு சென்னியம்மாள் ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்கினாள். சேலத்தில் எண்பத்து நாலு வீடு உள்ள ஓர் அடுக்குமாடியில் தினமும் காலையில் குப்பை எடுப்பாள். பச்சை வாளியில் சமையலறைக் கழிவு, நீல வாளியில் பால் கவர், அட்டை, பாட்டில். அட்டையும் பாட்டிலும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். கழிவு, அயோத்தியாப்பட்டணத்தில் அவள் வாடகைக்குப் பிடித்திருந்த தகரக் கொட்டகைக்குப் போகும். அங்கே காய்ந்த இலையும் தேங்காய் நார்த்தூளும் கலந்து குவித்து, சாணிக் கரைசல் தெளிப்பாள். வாரம் ஒருமுறை புரட்டிப் போடுவாள். குவியலுக்குள் கைவிட்டால் சுடும். சூடு ஆறி, மண் வாசனை வந்த பிறகுதான் சலிப்பாள்.

நாலு வருஷமாக அந்த உரத்தை அரளித் தோட்டத்துக்கு வாங்கிப் போனவர் மாரியப்பன். போன ஆனியில் அவர் மனைவி பொன்னாயி களை பிடுங்கும்போது உள்ளங்கையில் கண்ணாடிச் சில்லு இறங்கியது. நரம்பு அறுந்து, இரண்டு விரல் மடங்காமலே போனது.

சென்னியம்மாள் பார்க்கப் போனாள். எடுத்த சில்லை மாரியப்பன் காகிதத்தில் வைத்திருந்தார். ஊசி போல மெல்லிசு. சல்லடைக் கண்ணில் நெட்டுக்குத்தாக நழுவியிருக்கிறது.

"உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா இனி உன் உரம் வேண்டாம்மா" என்றார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வாளியையும் தட்டில் கொட்டிப் பார்த்தபிறகே எடுத்தாள். மூன்றாம் நாள், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் குமரகுரு வீட்டு வாளியில் கறிவேப்பிலைக் காம்புக்கடியில் உடைந்த டம்ளர்.

"இதைப் பிரிச்சுக் குடுங்க சார். ஒருத்தர் கையே போயிருச்சு."

"குப்பை அள்ள வந்தவ அள்ளிட்டுப் போ. எனக்குப் பாடம் நடத்தாத."

அவள் வாளியை அவர் வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. அவள் மரியாதையில்லாமல் பேசினாள் என்றார் குமரகுரு. பொன்னாயியின் கையைப் பற்றிச் சொல்ல அவள் எழுந்தபோது, "அதெல்லாம் இங்க எதுக்கு?" என்று ஒரு குரல் வந்தது. அவளைத் தினமும் அக்கா என்று கூப்பிடும் ஷாலினி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வேறு ஒப்பந்தக்காரரின் லாரி வந்தது. குப்பையைப் பிரிக்கவே வேண்டாம் என்று அந்த ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டாராம். அட்டை எடை போட அங்கே வைத்திருந்த தன் தராசை எடுக்கப் போன சென்னியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். பச்சை வாளியும் நீல வாளியும் ஒரே லாரியில் கவிழ்ந்தன.

இப்போது அவள் கழிவு எடுப்பது ஒரு சின்னக் காய்கறிச் சந்தையில்தான். முட்டைக்கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் வருகின்றன. கண்ணாடி வருவதில்லை. உரம் நன்றாகவே அமைகிறது. மாரியப்பனிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் கடை உர மூட்டைக்கு மாறிவிட்டிருந்தார்.

போன மாதம் டவுன் பஸ்ஸில் பொன்னாயி இடம் ஒதுக்கி, மடங்காத அந்த விரல்களை அசைத்துக் கூப்பிட்டாள். சென்னியம்மாள் கேட்காதவள் போல அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.