இசட் போட்ட பன்னிரண்டரை

விமான நிறுவனம் ஒன்றில் பயணத் திட்டம் போடுவது என் வேலை. லீவில் விருத்தாசலத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அன்று சாயங்காலம் துபாயிலிருந்து மாமா, அக்காவின் கணவர், ஊருக்குக் கிளம்ப வேண்டும். மதியம் அலுவலக நண்பர் ஓர் அறிவிப்பை அனுப்பினார்: ஏவுகணைத் தாக்குதல் அச்சத்தால் வளைகுடா வான்வெளி 1230Z முதல் மூடப்படும்.

செராமிக் கம்பெனியிலிருந்து சாப்பிட வந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "பன்னெண்டரை தாண்டிடுச்சே. ஒன்னும் ஆவலியே."

"அந்த இசட்டு கிரீன்விச் நேரம்க்கா. ஜூலுன்னு சொல்லுவோம். விமானமும் ராணுவமும் உலகம் பூரா அந்த ஒரே நேரத்ததான் பாக்கும். நமக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும்."

"அப்ப ஆறு மணியா?"

"துபாய்ல நாலரை. மாமா விமானம் நாலுக்கு. தாமதமாவாம இருந்தா தப்பிச்சுடும்."

அக்கா அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை, சோறும் தொடவில்லை. ஐந்தே முக்காலுக்கு மாமா போன் செய்தார். "உள்ளதான் ஒக்காந்திருக்கேன் மச்சான். இன்னும் கதவு மூடல."

ஆறு மணிக்கு மேல் அவர் போன் எடுக்கவில்லை. ஏழுக்குத்தான் பேசினார். எல்லோரையும் இறக்கிவிட்டார்களாம்.

"வானத்துல ஏதோ பளிச்சினு போவுது மச்சான். உங்க அக்காகிட்ட சொல்லாத."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மஸ்கட் வழியாக அவர் வீடு வந்து சேர ஒன்பது நாள் ஆனது.