அரைக் கோப்பைத் தண்ணீர்

கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்பதுதான் அந்தச் செய்தியின் முதல் வரி. மாரத்தானுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அனுப்பியவர் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர், தானும் ஓடுகிற இளம்பெண். நான் அதை இரண்டு முறை படித்துவிட்டு அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் அதை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று மறுநாளே தெரிந்துவிட்டது.

எங்களுக்குக் கொடுத்த இடம் ஆற்றோரச் சாலையில் பதினைந்தாவது கிலோமீட்டர் தண்ணீர் மேசை. பொறுப்பாளர் எங்கள் குழுவின் தலைவர், ஜவுளிக்கடை அண்ணாச்சி. ஆனித் தேரோட்டத்துக்கு அவர் வீட்டுப் பந்தலில் பரம்பரையாகத் தண்ணீரும் மோரும் கொடுக்கிறார்கள். அதனால் தண்ணீர் கொடுப்பதைப் பற்றி யாரோ ஒரு பெண்பிள்ளை எழுதி அனுப்பியதே அவருக்குப் பொறுக்கவில்லை.

"அரைக் கப்பா? தாகத்துல வாரவனுக்கு அரைக் கப்பு குடுத்தா நம்மள என்ன நினைப்பான் வே?" என்றார்.

"ஓடிக்கிட்டே குடிக்காங்க அண்ணாச்சி. நிறைய இருந்தா மூக்குல ஏறிரும். ரோடும் நனைஞ்சு வழுக்கும்."

"உமக்கு எதையாவது எழுதிக் குடுத்தா போதும் வே, வேதம்னு பிடிச்சுக்கிடுவீரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன். ஆனால் என் தங்கை அந்த ஓட்டத்தில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடுகிறாள். நாற்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கியவள், பள்ளி ஆசிரியை. வேகம் கிடையாது, கடைசிக் கூட்டத்தில்தான் வருவேன் என்று அவளே சொல்லியிருந்தாள். செய்தியில் ஒரு வரி இருந்தது: "மெதுவாக ஓடுபவர்தான் அதிக நேரம் வெயிலில் இருக்கிறார். முதலில் வருபவருக்குக் கொடுத்த அதே தண்ணீர் கடைசியில் வருபவருக்கும் இருக்க வேண்டும். கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வரும் வண்டி உங்களைக் கடக்கும்வரை மேசையை எடுக்காதீர்கள்."

ஓட்டத்தன்று விடியும் முன்பே போய் மேசைகளைப் போட்டோம். முதலில் உப்புக்கரைசல், சற்றுத் தள்ளித் தண்ணீர், அதற்கும் தள்ளிக் குப்பைத்தொட்டிகள். அதுவரை எல்லாம் சரியாக நடந்தது. பிறகு அண்ணாச்சி கோப்பைகளை விளிம்புவரை நிரப்ப ஆரம்பித்தார்.

முதலில் வந்தவர்கள் காற்றாக வந்தார்கள். கோப்பையின் விளிம்பை விரல்நுனியால் பிடித்துக் கையை நீட்ட வேண்டும், ஓடுபவர் தானே பறித்துக்கொள்வார் என்று செய்தி சொன்னது. அண்ணாச்சியோ பந்தலில் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி, பாதைக்கு நடுவிலேயே இறங்கி நின்றார். ஒருவன் அவர்மேல் மோதாமல் விலகும்போது நனைந்த தாரில் கால் வழுக்கி, விழாமல் தப்பினான். இன்னொருவன் ஒரு வாய் குடித்துப் புரையேறி இருமி, மீதியைச் சாலையில் கொட்டிவிட்டுப் போனான். முக்கால் கோப்பைத் தண்ணீர் தாரில் ஓடியது.

"அண்ணாச்சி, பைய ஊத்துங்க. பாதி போதும்."

"நான் குடுக்கது புண்ணியத்துக்கு. உம்ம கணக்கை உம்ம வீட்டுல வச்சுக்கிடும்."

பால் வாங்கப் போனவர், ஆற்றில் குளித்துவிட்டு வந்தவர், ஆட்டோக்காரர் என்று யார் நின்றாலும் கூப்பிட்டுக் கொடுத்தார். தாகமென்று வந்தவரைத் திருப்பி அனுப்பச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் அவர்களில் பாதிப்பேர் தாகமென்று வரவில்லை. கூப்பிட்டார் என்று வந்தார்கள்.

வெயில் ஏறியது. ஓடிவந்தவர்கள் குறைந்து, நடந்தும் ஓடியும் வருகிறவர்கள் மட்டும் அங்கொருவர் இங்கொருவராக வந்தார்கள். கேன்கள் காலியாகி ஒன்றுதான் மிஞ்சியது. அப்போது முடிவிடத்திலிருந்து யாரோ அண்ணாச்சியைப் போனில் அழைத்தார்கள். தண்ணீர் மேசைக் குழுக்களுக்கெல்லாம் மேடையில் கேடயம் தருகிறார்களாம், உடனே வர வேண்டுமாம்.

"எடுலே, எல்லாத்தையும் ஏத்து" என்றார் அண்ணாச்சி, லோடு ஆட்டோ ஓட்டுநரிடம். மேசை மடங்கியது. கேன் ஆட்டோவில் ஏறியது.

"பின்னால வார வண்டி இன்னும் வரலை அண்ணாச்சி."

"இனிமே வாரவன் நடந்துல்லா வருவான். நடக்கவனுக்கு என்னத்துக்கு வே தண்ணி? நம்ம தினமும் நடக்கோம், யாரு மேசை போட்டு வச்சிருக்கா?"

மறுபடியும் சிரித்தார்கள். இத்தனை வருடம் அவரோடு காலை நடை நடந்திருக்கிறேன். ஒரு நாள் குரல் உயர்த்தியதில்லை. அன்று ஆட்டோவில் ஏறிக் கேனைப் பிடித்து இழுத்தேன். அவர் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"விடும் வே! பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"காலையில பால் வாங்க வந்தவனுக்கு ஊத்துனீங்கள்லா? மூணு மணி நேரமா வெயில்ல ஓடி வாரவளுக்கு இல்லைன்னா அது என்ன புண்ணியம் அண்ணாச்சி? முன்னால வந்தவன் போட்டோவுல விழுவான், பின்னால வாரவ விழமாட்டா. அவ்வளவுதானே?"

"ஓ, தங்கச்சி ஓடுதான்னுதான் இந்தக் குதி குதிக்கீரோ?"

"ஆமா, தங்கச்சிதான். அண்ணன் இங்க நிக்காதவங்க செத்தா போணும்?"

அவள் ஓடாமல் இருந்திருந்தால் இவ்வளவு கத்தியிருப்பேனா? தெரியவில்லை. கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்கத்தான் அவருக்கு அருகதை இல்லை.

அவர் கையை எடுத்தார். மற்றவர்கள் பைக்குகளில் ஏறிக் கேடயம் வாங்கப் போனார்கள். அண்ணாச்சி மட்டும் போகவில்லை. ஆட்டோவில் சாய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

நான் ஒரு மேசையை இறக்கிப் போட்டு, மிஞ்சிய கோப்பைகளில் பாதிப்பாதி ஊற்றினேன். ஒரு பெரியவர் வந்தார், வாங்கிக் குடித்தார். இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி மேசையைப் பார்த்ததும், "ஐயோ, இங்கனயாவது இருக்கே" என்றாள். அப்படியானால் எங்களுக்கு முந்தைய மேசையும் கேடயம் வாங்கப் போய்விட்டது. என் கோபம் அங்கேயும் பாய்ந்தது.

பிறகு தங்கை வந்தாள். பின்னால் அந்த வண்டி ஊர்ந்து வந்தது. அவள் முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது, உதட்டோரம் உப்புப் பூத்திருந்தது. ஒரு கோப்பையைக் கழுத்தில் கவிழ்த்தாள், ஒன்றைக் குடித்தாள், இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

"போன மேசையில ஒரு சொட்டு இல்லைண்ணே. வெறும் கப்புதான் கிடந்துச்சு. இன்னும் எவ்வளவு இருக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி ஆட்டோவில் சாய்ந்தபடியே குரல் கொடுத்தார். "இந்தா வந்துட்டு தாயி! பக்கத்துலதான், பாலம் தாண்டினா முடிஞ்சுது!"

தூரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள், நம்பி ஓடுபவர் நடுவில் உடைந்துபோவார் என்றும் செய்தியில் இருந்தது.

"ஆறு கிலோமீட்டர்" என்றேன். "முழுசா ஆறு."

"நாசமாப் போச்சு" என்றாள். மூன்றாவது கோப்பையைக் குடித்து, கசக்கித் தொட்டியில் போட்டுவிட்டு ஓடினாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் நடக்கவில்லை.

வண்டி எங்களைக் கடந்தது. கேனில் இன்னும் தண்ணீர் இருந்தது. அண்ணாச்சி மெல்ல வந்தார். ஒரு கோப்பையை எடுத்து, விளிம்புவரை நிரப்பி, இரண்டு கையாலும் ஏந்தி என்முன் நீட்டினார்.

"குடியும் வே. தொண்டை வத்திப் போய் நிக்கீரு."

தொண்டை வற்றித்தான் இருந்தது. நான் வாங்கவில்லை. சாலை முழுக்கக் கோப்பைகள் நசுங்கிக் கிடந்தன. கடைசிக் கோப்பையையும் பொறுக்கிவிட்டுத்தான் இடத்தைவிட்டுப் போக வேண்டும் என்பது செய்தியின் கடைசி வரி. குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். சிறிது நேரம் கழித்து, சாலையின் எதிர்ப்பக்கத்தில் அவரும் குனிவது தெரிந்தது. நான் தலை நிமிரவில்லை.