காலை 6:12-ல் நின்றுபோன பார்சல்

எங்கள் கூரியர் கிளையில் அவருக்குப் பெயர் எங்கேக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு நூறு பேர் பார்சல் நிலவரம் காட்டும் இணையப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, கீழே "எங்கே?" என்று கேட்கிற மேசையில் எட்டு வருடம் உட்கார்ந்தால் வேறு என்ன பெயர் மிஞ்சும்?

வீட்டிலும் அதே கதைதான். வேன் ஓட்டுகிற அவருடைய வீட்டுக்காரர், "என் நீலச் சட்டை எங்கே?" என்று கேட்பாராம். "துவைக்கப் போயிருக்கு. இன்னும் டெலிவரிக்குப் புறப்படல" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் பிடித்து வந்துவிடுவார்.

அக்காவின் பக்கத்து மேசை எனக்கு. அவர் பொறுமைசாலி, நான் இல்லை, அதை மறைக்கவும் மாட்டேன். காலை ஒன்பது மணிக்குக் கணினியைத் திறந்தால் வரிசையாக எங்கே, எங்கே, எங்கே. சிலர் பார்சல் எண்ணையே வெட்டிவிட்டுப் படம் அனுப்புவார்கள். சிலர் முந்தாநாள் எடுத்த படத்தை இன்று அனுப்பிச் சண்டைக்கு வருவார்கள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படத்தின் உச்சியில் போன் காட்டுகிற நேரத்தைத்தான் முதலில் பார்ப்பார். "இது நேத்து ராத்திரி எடுத்த படம்டி. காலையில பார்சல் வண்டியேறிடுச்சு. பாவம், அதுக்கப்புறம் இவங்க பக்கத்தைத் திறக்கவே இல்ல" என்பார்.

'விவரம் பெறப்பட்டது' என்று மட்டும் இருந்தால், அனுப்புகிறவர் சீட்டை அச்சடித்து ஒட்டியதோடு சரி, பொருள் இன்னும் அவர் கடையிலேயே கிடக்கிறது என்பார். 'கதவு பூட்டியிருந்தது' என்று மாலை ஏழு மணிக்கு ஒரே நிமிடத்தில் ஆறு பார்சலுக்கு விழுந்திருந்தால், "ஆறு வீட்டுக் கதவையும் ஒரே நிமிஷத்துல தட்டினாராமா நம்ம ஆளு?" என்று டெலிவரி தம்பியைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்புக்கு அவன் ஆறு வீட்டுக்கும் திரும்ப ஓடுவான்.

இதெல்லாம் யாரும் பாடம் நடத்தி அவர் கற்றுக்கொண்டதில்லை. மேசைக்கு வருமுன் ஆறு வருடம் பின்கட்டில் பார்சல் பைகளைப் பிரித்தவர் அவர். முதுகு போன பிறகுதான் நாற்காலி கிடைத்தது.

போன மாதம் மகள் வீடு மாறுகிறாள் என்று புதன்கிழமை முதல் நாலு நாள் லீவு போட்டார். அவருடைய "எங்கே"க்களும் என் தலையில் விழுந்தன. அந்தப் புதன்கிழமை காலையில்தான் அந்தப் படம் வந்தது.

படத்தில் கடைசி வரி: 'உங்கள் பகுதிக் கிளைக்கு வந்து சேர்ந்தது. செவ்வாய், காலை 6:12.' கீழே, "எங்கே இருக்கு?" அவ்வளவுதான். கிளைக்கு வந்தாயிற்று, இன்றோ நாளையோ போய்விடும் என்று நினைத்தேன். எங்களுக்கு ஆயத்தப் பதில் ஒன்று உண்டு, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்: 'உங்கள் பார்சல் கிளைக்கு வந்துவிட்டது. விரைவில் உங்களை அடையும். பொறுமைக்கு நன்றி.' அமுக்கினேன்.

வியாழன் அதே எண்ணிலிருந்து அதே படம். அமுக்கினேன். வெள்ளி, அமுக்கினேன். சனிக்கிழமையும் வந்தது. ஒரே படத்தை எத்தனை தடவைதான் அனுப்புவாங்களோ என்று முணுமுணுத்துக்கொண்டே அமுக்கினேன். எங்கள் திரையில் படம்தான் பெரிதாகத் தெரியும், எழுதியதைப் படிக்கக் கீழே தள்ள வேண்டும். நான் தள்ளவில்லை.

திங்கட்கிழமை அக்கா வந்தார். வீடு மாற்றியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதாம், ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தாவது படம் வந்திருந்தது. அவர் கீழே தள்ளினார்.

"இதைப் படிச்சியாடி?"

எழுந்து போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையே எழுதியிருக்கிறார்கள்: "அதுல என் பையனோட காது மிஷின் இருக்குங்க. ரிப்பேருக்குப் போய் வருது. அது இல்லாம அவனுக்கு ஒண்ணுமே கேக்காது. மூணு வயசு. இப்பதான் பேச ஆரம்பிச்சான். பதினஞ்சு நாளா பேசறதையே விட்டுட்டான். கொஞ்சம் பாருங்க." அதற்குக் கீழே என் பதில்: பொறுமைக்கு நன்றி.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "கிளைக்கு வந்துடுச்சுன்னு போட்டிருந்துச்சுக்கா, அதான்..." என்று இழுத்தேன்.

"பை வந்துடுச்சு" என்றார் அக்கா. "பொருள் வந்துச்சான்னு யாரும் பார்க்கல."

அவர் எண்ணைத் தட்டி, அதே பையில் வந்த மற்ற பார்சல்களைத் திறந்து எனக்குக் காட்டினார். மொத்தம் முப்பத்தொன்று. எல்லாவற்றுக்கும் 6:12. "பை வாயில இருக்கிற சீட்டை ஒரு தடவை ஸ்கேன் பண்ணுவாங்க. உள்ள இருக்கிற அத்தனைக்கும் 'வந்து சேர்ந்தது'ன்னு கம்ப்யூட்டரே போட்டுடும். அப்புறம் பையைப் பிரிச்சு ஒவ்வொண்ணா எடுத்து ஸ்கேன் பண்ணணும். பாரு, இது 6:31, இது 6:32, இது 6:34. முப்பதுக்கு ரெண்டாவது வரி இருக்கு. இந்த ஒண்ணுக்கு 6:12 மட்டும்தான். இதை யாரும் கையால தொடவே இல்ல."

"அப்ப வழியிலேயே தொலைஞ்சிருக்குமா?"

"அதுவும் ஆகும். ஒண்ணு, முதல்லயே பைக்குள்ள போடாம விட்டிருக்கணும். இல்ல..." எடையைப் பார்த்தார். இருநூறு கிராம். "இத்தனூண்டு பெட்டி."

பின்கட்டில் பை பிரிப்பவனுக்குப் புயல் என்று பேர். வேகத்துக்கு வைத்த பேர். அக்கா அவனிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை ஆள் இல்லக்கா. நான் ஒருத்தனே நாப்பது பை பிரிச்சேன்" என்றான் அவன். "ஒண்ணு குறையுதுன்னு காட்டுச்சு. ஸ்கேனர் அப்பப்ப மக்கர் பண்ணும், அதான் எல்லாம் சரின்னு அமுக்கி மூடிட்டேன்."

அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். நாலு நாளாக நான் என்ன அமுக்கினேன் என்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"காலிப் பையெல்லாம் எங்கே?" என்று கேட்டார் அக்கா. அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

காலியான துணிப் பைகளைப் பத்துப் பத்தாக மடித்துக் கட்டி, பின்கட்டு ஜன்னலோரம் அடுக்கிவைப்பார்கள். திங்கட்கிழமை மதியம் பெரிய வண்டி வந்து அள்ளிக்கொண்டு தலைமைக் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து எந்தப் பை எந்த ஊருக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது மணி பதினொன்றரை.

ஜன்னலோரக் கட்டுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ஏனென்றால் அது என் இடம். அங்கேதான் காற்று வரும். நாலு நாளாக அந்தக் கட்டின் மேல் உட்கார்ந்துதான் சோற்று டப்பாவைத் திறந்தேன்.

அக்காவால் குனிய முடியவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ஒவ்வொண்ணா உதறுங்க. மூலையில கைய விட்டுப் பாருங்க, வெளியிலிருந்து தடவினா தெரியாது" என்றார். புயலும் நானும் உதறினோம். தூசி, கிழிந்த சீட்டுகள், ஒரு செருப்பு. இருபது பை, முப்பது பை. ஒன்றுமில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, தூசியால் என்று சொல்லிக்கொண்டேன். முப்பத்தேழாவது பையின் அடிமூலையில், தையல் மடிப்புக்குள் என் விரல் ஒரு அட்டையில் இடித்தது.

கையளவு பெட்டி. ஒரு ஓரம் லேசாக நசுங்கியிருந்தது.

"ஐயோ அக்கா, இது மேலயா நான் உட்கார்ந்திருந்தேன்?"

அக்கா பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்து, காதருகில் ஆட்டிப் பார்த்தார். "உள்ள கெட்டிப் பெட்டி வெச்சுத்தான் அனுப்புவாங்க. உன் கனத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். புயல் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலை டெலிவரி வண்டிகள் எல்லாம் போய்விட்டன. அடுத்தது மறுநாள்தான். அக்கா பெட்டியை ஸ்கேன் செய்தார், 'டெலிவரிக்குப் புறப்பட்டது' என்று விழுந்தது. கையடக்கக் கருவியையும் பெட்டியையும் என்னிடம் நீட்டினார்.

"நீயே கொண்டு போய்க் குடு."

அந்த வீடு ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறை. தையல் மிஷின், துணிக் குவியல், சுவரோரம் ஒரு கட்டில். அந்த அம்மா கதவைத் திறந்தவுடன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். பையன் தரையில் உட்கார்ந்து நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் உள்ளே வந்ததோ செருப்பு உரசியதோ அவனுக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா பெட்டியை வாங்கிப் பிரித்தார். உள்ளே பஞ்சில் பத்திரமாக இருந்தது, என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து பேட்டரியை எடுத்தார். "என்னைக்கு வருமோன்னு தினமும் சார்ஜ் போட்டு வெச்சிருந்தேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "பொறுமைக்கு நன்றின்னு பதில் போட்டது நான்தாங்க. நீங்க எழுதினதை நான் படிக்கவே இல்ல. பார்சல் எங்க ஆபீஸ்லதான் கிடந்துச்சு. மன்னிச்சிடுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்தது, இல்லாமல் இருக்குமா? "படிச்சிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

பையனை மடியில் இழுத்து, மிஷினைக் காதுக்குப் பின்னால் மாட்டி, வட்டமான காந்தத்தைத் தலையில் முடிக்குள் வைத்தார். ஆபரேஷன் செய்து தோலுக்கு உள்ளே வைத்திருந்த காந்தத்தோடு அது தானே ஒட்டிக்கொண்டது. சின்னதாகப் பச்சை விளக்கு மின்னியது. பையன் அசையவில்லை. அந்த அம்மாவும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் என்று நினைக்கிறேன், வாய் திறந்தபடியே இருந்தது.

அப்போது என் போன் அடித்தது.

பையன் சட்டென்று திரும்பி என் கைப்பையைப் பார்த்தான். நூல்கண்டு அவன் கையிலிருந்து விழுந்தது. அது விழுந்த சத்தத்துக்கும் திரும்பினான். அந்த அம்மா அவன் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவன் அவர் கன்னத்தைத் தட்டி, "ம்மா" என்றான். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தேன். அக்காதான்.

"ஏண்டி, ஒரு மணி நேரமாச்சு. இன்னும் 'டெலிவரிக்குப் புறப்பட்டது'ன்னே நிக்குது. பார்சல் எங்கே?"

கையெழுத்து வாங்கிக் கருவியில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று அமுக்க மறந்தே போயிருந்தேன்.

"காதுல இருக்குக்கா" என்றேன்.