பதினான்கு பெயருக்கு டிக்

அன்று அறையில் இருந்தவர்கள்: எங்கள் முதலாளி. ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த ஹெச்.ஆர். மேடம். ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்குத் தலைவரான டீம் லீட். காபி கொண்டுபோன நான். நாலு பேர். நாற்காலி மூன்று.

நந்தனத்தில் அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு, இரண்டாவது மாடி. டாக்டரிடம் நேரம் பதிவு செய்கிற சாப்ட்வேர் செய்யும் கம்பெனி. மொத்தம் பதினோரு பேர். நான் ஆபீஸ் அசிஸ்டென்ட். படிப்பு ஒன்பதாவது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பெரிய வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்களுக்குச் சோறு போட்டது ஒரே கிளினிக்தான். அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் என்று அதற்கு ஏழு கிளை. அங்கே ஒரே டாக்டர், ஒரே நேரம், இரண்டு பேருக்குப் பதிவாகிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு நாலைந்து முறை. இரண்டு நோயாளியும் நேரில் வந்து சண்டை போட்டார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் சரி செய்யாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் கம்பெனி மூட வேண்டியதுதான்.

அந்த சாப்ட்வேரை எழுதிய பையன் துபாய் போய்விட்டான். அவன் இடத்துக்கு வந்தவருக்குப் பன்னிரண்டு விஷயம் தெரியும் என்றார்கள். நாற்பது நாளில் அவரும் போய்விட்டார். டீம் லீடுக்கு மொபைல் பக்கம்தான் பழக்கம். அவர் கை வைத்ததில் சண்டை கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அதனால் விளம்பரம்.

"ரெண்டு பேர் போட்டாப் போறும் சார். ஜாங்கோ, பதிவெல்லாம் சேத்து வெக்கற போஸ்ட்கிரெஸ். நம்ம சாப்ட்வேர் அதுலதான் ஓடிண்டிருக்கு. அது ரெண்டும் ஆழமாத் தெரிஞ்சவா ஒருத்தர் வேணும்" என்றார் லீட்.

"ரெண்டே ரெண்டு போட்டா நம்மளப் பொட்டிக்கடைன்னு நெனைப்பான்யா" என்றார் முதலாளி.

மேடம் வேறு மூன்று கம்பெனி விளம்பரத்தைச் சேர்த்து ஒரு பட்டியல் வைத்திருந்தார். பதினான்கு வரி. வரிக்கு ஒரு பெயர்.

"ரியாக்ட், ஆங்குலர், வியூ மூணும் ஒரே வேலைக்குத்தான் மேடம். ஒரு ஆத்துல மூணு கிரைண்டரா வெச்சுக்கறோம்?"

"மூணு கிரைண்டர் இருக்கற வீடுன்னா ஒரு மரியாதை இருக்குல்ல?" என்றார் முதலாளி. முடிந்தது.

அறுபத்து மூன்று பேர் ரெஸ்யூமே அனுப்பினார்கள். முதலாளி பேப்பரில்தான் படிப்பார். அச்செடுத்தேன். அவற்றைப் பிரிப்பதற்கு ஒரு சாப்ட்வேர் இருந்தது. இலவச மாதம் முடிந்துவிட்டது. அந்த வேலையும் எனக்கு வந்தது.

"ரொம்ப ஈஸி அண்ணா" என்றார் மேடம். "பட்டியல்ல இருக்கற பேர் ரெஸ்யூமேல இருந்தா அந்த வரிக்கு ஒரு டிக். பத்தும் அதுக்கு மேலயும் நீலத் தட்டு. மிச்சமெல்லாம் சிவப்புத் தட்டு."

"இன்னான்னு தெரியாமலா மேடம்?"

"தெரிஞ்சா டவுட் வரும் அண்ணா. நீங்கதான் கரெக்ட்."

காபி மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு நாள். எழுத்தைப் பார்ப்பது, டிக் போடுவது. முதல் நாள் மாலைக்குள் பெயர்கள் பழகிவிட்டன. யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாமலே முகம் தெரிகிற மாதிரி.

ஒரு ரெஸ்யூமே பதினான்குக்குப் பதினான்கு வாங்கியது. வேலை சுலபமாக இருந்தது. எங்கள் பட்டியல் எந்த வரிசையோ, அதே வரிசையில் எழுதியிருந்தார். ஐந்தாவது வரிக்கு டிக் போட்டேன். பன்னிரண்டாவதுக்கு வந்தபோது கை நின்றது. எங்கள் பட்டியலில் ஐந்திலும் பன்னிரண்டிலும் ஒரே பெயர், போஸ்ட்கிரெஸ். மேடம் ஒட்டும்போது இரண்டு முறை விழுந்திருக்கிறது. அவருடைய ரெஸ்யூமேயிலும் ஐந்தில் ஒரு முறை, பன்னிரண்டில் ஒரு முறை.

வரிக்கு ஒரு டிக் என்பது உத்தரவு. போட்டேன். நீலத் தட்டு.

இன்னொன்று ஒரே பக்கம். ஒரு பெண்மணி, ராஜா அண்ணாமலைபுரம் விலாசம். ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸ் இரண்டு வரியில் இருப்பதால் டிக் மூன்று. வேறு வேலை இல்லாததால் மீதியைக் கூட்டிப் படித்தேன். ஒன்பது வருஷம், ஒரே கம்பெனி, கல்யாண மண்டபங்களுக்குப் பதிவு செய்கிற சாப்ட்வேர். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரே மண்டபம், ஒரே தேதி, இரண்டு குடும்பத்துக்கு விழுந்துகொண்டிருந்ததை நிறுத்தினேன் என்று ஒரு வரி. அதை இரண்டு முறை படித்தேன். சிவப்புத் தட்டில் வைத்தேன்.

நீலத் தட்டில் ஏழு பேர். முதலில் வந்தவர் பதினான்கு டிக் வாங்கியவர். நல்ல பையன். காபிக்கு நன்றி சொன்னார். லீட் அவரிடம், ஒரே நேரம் இரண்டு பேருக்கு ஏன் விழுகிறது என்று கேட்டார். பையன் எழுந்து போர்டில் கட்டம் வரைந்தார். கட்டத்துக்குக் கட்டம் அம்பு.

"இது ஸ்கேல் ப்ராப்ளம் சார். கூட்டம் தாங்கலை."

"மொத்தமே ஒரு நாளைக்கு முந்நூறு புக்கிங்தானே?"

"அப்பன்னா கண்டிப்பா மைக்ரோசர்வீஸ்தான் சார். சாப்ட்வேரைத் துண்டு துண்டாப் பிரிச்சிடணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். பிஸ்கட் கொண்டுவா என்று அர்த்தம். மற்றவர்களுக்குக் காபி மட்டும்தான். வேலை கிடைக்கப்போகிறவருக்குப் பிஸ்கட்.

மற்ற ஆறு பேரும் வந்து போனார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. லீட் காபி மெஷினில் நெற்றியை வைத்து நின்றார்.

"அண்ணா, ஏழு பேர். ஒருத்தர் கூட ஏன் விழறதுன்னு சொல்லலை. முதல் பையனை எடுத்துடப் போறா. அவன் வந்து கட்டம் வரையறதுக்குள்ள கிளினிக் போயிடும்."

நான் சிவப்புத் தட்டிலிருந்து அந்த ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"மூணு டிக்தான் தம்பி. ஆனா மண்டபம்னு எழுதிகீது. ஒரே தேதில ரெண்டு கல்யாணம்னு எழுதிகீது. நம்ம கதை மாதிரியே கீதேன்னு பார்த்தேன்."

அவர் நின்றபடியே படித்தார். பிறகு, "இதை ஏன் முன்னாடியே குடுக்கலை?" என்றார்.

"ரூல்ஸு" என்றேன். ஐந்திலும் பன்னிரண்டிலும் ஒரே பெயர் விழுந்திருந்ததையும் சொன்னேன்.

மறுநாள் காலை அந்தப் பெண்மணி வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். குடையை வெளியிலேயே வைத்துவிட்டு வந்தார். காபி மட்டும் கொடுத்தேன்.

லீட் அதே கேள்வியைக் கேட்டார்.

"எழுதறதுக்கு முன்னாடி காலியான்னு பாக்கறீங்களா சார்?"

"பாக்கறோம். இப்போ ரெண்டு தடவை பாக்கறோம்."

"பத்துத் தடவை பாத்தாலும் விழும். இவரும் காலின்னு பாக்கறார், அதே நொடியில அவரும் காலின்னு பாக்கறார். அப்புறம் ரெண்டு பேரும் எழுதறாங்க."

"லாக் போட்டுப் பூட்டிட்டா?"

"எது மேல போடறது? ஒவ்வொரு நேரத்துக்கும் புக்கிங் டேபிள்ல முன்னாடியே ஒரு வரி இருக்கா, இல்ல புக் பண்ணும்போதுதான் வரி பிறக்குதா?"

"பண்ணும்போதுதான்."

"அப்ப லாக் போட அங்க ஒண்ணுமே இல்லையே. டேபிள்லயே சொல்லிடணும். இந்த டாக்டர், இந்தத் தேதி, இந்த நேரம், ஒரு வரிக்கு மேல வாங்காதேன்னு. ரெண்டாவது ஆளை போஸ்ட்கிரெஸே திருப்பி அனுப்பிடும். இப்பதான் போச்சு, வேற நேரம் பாருங்கன்னு நாம அவருக்குக் காட்டணும்." காபியை ஒரு வாய் குடித்தார். "கேன்சல் ஆன வரியை அழிக்கறீங்களா, வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்கோம்."

"அப்ப கேன்சல் ஆனதைக் கணக்குல எடுக்காதேன்னு சேத்துச் சொல்லணும். இல்லன்னா அந்த நேரத்தை வேற யாருக்கும் குடுக்க முடியாது. நான் முதல்ல அந்தத் தப்பைப் பண்ணேன். வைகாசி முகூர்த்தம் ஒண்ணு யாருக்கும் இல்லாம கிடந்துது. மண்டபக்காரர் திட்டினது இன்னும் காதுல இருக்கு."

லீட் நோட்டை எடுத்தார். எழுதிக்கொண்டார்.

முதலாளி பட்டியலை எடுத்தார். "ஆங்குலர்?"

"தெரியாது சார்."

"வியூ?"

"தெரியாது."

"பிளட்டர்?"

"தெரியாது சார்."

"ஒன்பது வருஷம் என்னதான்மா பண்ணீங்க?"

"மண்டபம் சார்."

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு மூவரும் பேசினார்கள். நான் கப் எடுக்கப் போனேன்.

"மூணு எங்க, பதினாலு எங்க?" என்றார் முதலாளி.

"சார், அந்தப் பையன் நம்ம விளம்பரத்தையே காப்பி அடிச்சிருக்கான்" என்றார் லீட். "அண்ணா, நேத்து சொன்னேளே, அதைச் சொல்லுங்கோ."

"அஞ்சுலயும் பன்னெண்டுலயும் ஒரே பேர் கீது சார். நம்முதுலயும் அப்டித்தான், அவருதுலயும் அப்டித்தான்."

மேடம் பட்டியலை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது.

முதலாளி யோசித்தார். "அதுல இன்னா தப்பு? நம்ம விளம்பரத்தை அவ்ளோ கவனமா படிச்சிருக்கான். சின்சியர் பையன்யா."

லீட் என்னைப் பார்த்தார். நான் கப்பைப் பார்த்தேன்.

அப்போது மேடம் இரண்டு பேப்பரையும் புரட்டிக்கொண்டிருந்தார். "சார், ஒரு விஷயம். அந்தப் பையனுக்கு நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாள், அதுக்கப்புறம்தான் பழைய கம்பெனில விடுவாங்க. இவங்க நாளைக்கே வருவாங்க."

முதலாளி கேலண்டரைத் திரும்பிப் பார்த்தார். கிளினிக் சொன்ன நாளுக்கு ஐந்து வாரம் இருந்தது.

"பிஸ்கட் குடுய்யா" என்றார்.

அப்படித்தான் எடுத்தார்கள். ஆழம் ஜெயித்தது என்று லீட் எல்லோரிடமும் சொன்னார். ஜெயித்தது கேலண்டர். நான் திருத்தவில்லை.

அந்தம்மா முதல் இரண்டு நாள் எதையும் எழுதவில்லை. படித்துக்கொண்டே இருந்தார். முதலாளி கண்ணாடிக் கதவு வழியாக மூன்று முறை எட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் அந்தம்மா என்னிடம் ஒரு பட்டியல் தந்தார். ஏற்கெனவே இரட்டையாக விழுந்து, இனிமேல் வரவேண்டிய பதிவுகள்.

"டேபிள்ல ரெட்டை இருக்கற வரைக்கும் ஒரு வரிக்கு மேல வாங்காதேங்கற விதியை அது ஏத்துக்காது அண்ணா. பழசை நான் ஒதுக்கிடறேன். வரப்போறவங்களுக்குக் கிளினிக்லேர்ந்து போன் பண்ணி நேரம் மாத்தச் சொல்றீங்களா?"

ஏழு கிளைக்கும் போன் செய்தேன். ஐந்தாம் நாள் அந்த விதியைப் போட்டார். அதன் பிறகு இரட்டை விழவில்லை. கிளினிக்கும் போகவில்லை. மாதக் கடைசி வந்தது, போனது. யாரும் கவனிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து முதலாளி எங்களை அறைக்குக் கூப்பிட்டார். "அந்தம்மா மாதிரியே இன்னொரு ஆள் வேணும்" என்றார். மேடம் புதுப் பட்டியல் கொண்டுவந்தார். இந்த முறை கவனமாகச் செய்திருந்தார். இரட்டைப் பெயரை எடுத்துவிட்டார். புதிதாக ஐந்து பெயர் சேர்த்திருந்தார். பதினெட்டு.

ரெஸ்யூமேக்கள் வந்தன. ஸ்டூலைப் போட்டேன். தொடங்குவதற்கு முன், அந்தம்மாவின் பழைய பேப்பரை பைலிலிருந்து எடுத்துப் புதுப் பட்டியலோடு வைத்து, உத்தரவுப்படி டிக் போட்டேன்.

இரண்டு.