மோட்டாரை ஆன் பண்ணாதீக

வருவாய்த் துறையில் இருந்த காலம் முழுவதும் நான் எதையும் செய்ததில்லை. எல்லாம் செய்யப்பட்டன. மனு பரிசீலிக்கப்பட்டது, பட்டா ரத்து செய்யப்பட்டது, விடுப்பு மறுக்கப்பட்டது. யார் மறுத்தார் என்று கோப்பைப் புரட்டினாலும் தெரியாது. அப்படிப்பட்ட தமிழை எழுதுவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. பெரியகுளத்தில் ஓய்வு பெற்ற அன்று, பிழையில்லாத சுத்தத் தமிழ் எழுதுகிறவர் என்று சொல்லித்தான் சால்வை போர்த்தினார்கள். அந்தப் பெயரே பிறகு என் தங்கை மகளின் வேலைக்கு வினையாக வந்து சேர்ந்தது.

அவள் தோட்டக்கலை படித்தவள். சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு திராட்சை விவசாயிகள் சங்கத்தில் வேலை. தினமும் காலையில் உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்செய்தி போட வேண்டும்: மழை வருமா, மருந்து அடிக்கலாமா, கரன்ட் எப்போது நிற்கும், லாரி எத்தனை மணிக்கு. வருடா வருடம் பொதுக்குழு ஒப்புக்கொண்டால்தான் வேலை நீடிக்கும். அந்த வேலை போனால் கோயம்புத்தூரில் ஒரு விதைக் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். மாமியாருக்குக் கண் தெரியாது, கணவனுக்கு இங்கேயே கடை. அதனால் போக மனமில்லை.

அவளுடைய செய்தி இப்படி இருக்கும்: "எல்லாருக்கும் வணக்கம்ணே. சாயங்காலம் மழை வர்ற மாதிரி இருக்கு, இன்னைக்கு ஸ்பிரே பண்ணாதீக. ஏற்கனவே மருந்த மிக்ஸ் பண்ணிட்டீகன்னா எனக்கு ஒரு வாய்ஸ் போடுங்க, என்ன செய்யலாம்னு பாப்போம். பத்து மணிக்கு கரன்ட் கட் ஆகும். அதுக்கு முன்னாடி மோட்டாரை ஆன் பண்ணி விட்டுட்டு வேற வேலைக்குப் போயிராதீக."

செய்தி போன சற்று நேரத்தில் பதில்கள் வரிசையாக வரும். "ஏத்தா, நான் விடியலயே கலக்கிட்டேனே, கொட்டிரவா?" "ஏம்மா, லாரிக்காரன் ஃபோன எடுக்க மாட்டேங்கறான், நீ ஒரு கால் பண்ணிப் பாரு." அவள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வாள். என்னைக் கேட்டால் வேலையே அதுதான். குரல்செய்தி அதற்கு ஒரு வாசற்படி.

ஒரு நாள் சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். துணைத் தலைவர் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அவர் வாழைக்காய், திராட்சை இரண்டையும் கேரளாவுக்கு ஏற்றுகிறவர். சங்கத்தின் விதிப்படி அலுவல்கள் தமிழில் நடக்க வேண்டும், அந்தப் பெண் பேசுவது தமிழே இல்லை என்பது புகார்.

"நீங்க ரூல் தெரிஞ்சவுக. அந்தப் புள்ளைக்கு மாமா வேற. ஜெனரல் பாடியில ஒரு வார்த்த எக்ஸ்ப்ளைன் பண்ணுனா முடிஞ்சு போகும் சார்," என்றார் செயலாளர். தான் என்ன பேசினோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

பேசப் போவதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா. சின்னமனூர் போய் அவளோடு உட்கார்ந்தேன். கண்டபடி கலந்து பேசுவதாக நான் நினைத்திருந்த பேச்சில் கண்டபடி எதுவும் இல்லை.

ஆங்கில வினை உள்ளே வரும்போது தன் காலத்தையெல்லாம் வாசலில் விட்டுவிட்டு வருகிறது. நேற்று அழைத்தாலும் 'கால் பண்ணேன்' தான். 'கால்ட் பண்ணேன்' என்று மேலமங்கலத்தில் இருந்து கம்பம் வரை ஒருவரும் சொல்வதில்லை. நேற்றா நாளையா, நானா அவர்களா, உண்டா இல்லையா என்பதெல்லாம் பண்ணு என்ற தமிழ் வினையின் வாலில் இருக்கிறது: பண்றேன், பண்ணுவாக, பண்ணல, பண்ணாதீக. 'பண்றேன்' என்பதே பண்ணுகிறேன் என்பதன் சுருக்கம். வந்த சொல் பெயர்ச்சொல்லைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறது.

"எல்லாத்துக்கும் பண்ணுவும் வராது மாமா," என்றாள். "மெசேஜ் போடுவோம். லீவு எடுப்போம். டென்ஷன் ஆவோம். யாரும் டென்ஷன் பண்ணேன்னு தன்னச் சொல்ல மாட்டாக. அடுத்தவனத்தான் டென்ஷன் பண்ணுவாக."

"கரன்ட்?"

"தானா போனா கட் ஆயிருச்சு. லைன்மேன் நிறுத்துனா கட் பண்ணிட்டாக. லோடும் அப்படித்தான். கேன்சல் ஆயிருச்சுன்னா மழை, லாரி ரிப்பேர் ஏதாவது இருக்கும். கேன்சல் பண்ணிட்டாகன்னா யாருன்னு ஒடனே கேப்பாக."

"நீ எத சொல்வ?"

"நடந்தத."

துணைத் தலைவர் ஏற்றுவதாகச் சொன்ன லோடு ஒன்று சில வாரங்களுக்கு முன் கடைசி நேரத்தில் நின்றுபோனது எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று அவள் எந்த வாலைப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

பொதுக்குழு ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. துணைத் தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்: "இந்த மேட்டர நல்லா டிஸ்கஸ் பண்ணி இன்னைக்கே க்ளோஸ் பண்ணிருவோம்."

பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "ஏலே, நீயே ரெண்டு பண்ணிட்ட, அந்தப் புள்ள பண்ணக் கூடாதா?"

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். "நான் பேசுறது என் வாயி. அது பேசுறது சங்கத்து வாயிப்பா."

என் முறை வந்தது. வால் விவகாரத்தை எடுத்துச் சொன்னேன். பிறகு என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். ரத்து, வசூல், ஜப்தி, தாக்கல், இவை எந்த ஊர்ச் சொற்கள்? அரபி, பாரசீகத்தில் இருந்து நவாபு காலத்துக் கச்சேரி வழியாக வந்தவை. அவற்றின் பின்னால் செய் என்று ஒட்டி ரத்து செய்தோம், வசூல் செய்தோம். வரி வசூல் ஆச்சா, வசூல் பண்ணினார்களா என்றும் ஊரில் கேட்கிறோம், அதே ஆகு, அதே பண்ணு. யோசனை பண்ணினோம், கல்யாணம் பண்ணினோம், அவை வடமொழி வழியாக வந்தன. ஒருவரும் கல்யாணத்தை நிறுத்தவில்லை. கேன்சல் பண்ணுவது தமிழ் இல்லை என்றால் ரத்து செய்வதும் தமிழ் இல்லை. ரத்து நேற்று வந்த விருந்தாளி, கேன்சல் இன்று வந்தது, வித்தியாசம் அவ்வளவுதான்.

கை தட்டினார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். சட்டம் என் பக்கம் இருந்தால் தீர்ப்பும் என் பக்கம் வரும் என்று இந்த வயதிலும் நம்புகிறவன் நான்.

அப்போது நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். ராயப்பன்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், அவளிடம் தினமும் சந்தேகம் கேட்கிறவர்களில் முதல் ஆள்.

"சார் சொல்றது அம்புட்டும் சரி. நானும் அப்படித்தான் பேசுறேன். வீட்டுல கைலி கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்காக சங்கத்து போட்டோவுல கைலியோட நிக்கலாமா? எம்மவன் பெங்களூருல இருக்கான். இந்த வாய்ஸ அவன் ஆபீசுல போட்டுக் காட்டி, 'மோட்டார ஆன் பண்ணாதீக, ஆன் பண்ணாதீக'ன்னு நடிச்சுச் சிரிக்காகளாம். எவனோ கேட்டுச் சிரிக்கறதுக்கா நம்ம சந்தா கட்டுறோம்?"

அவரைப் பார்த்து அவள் சொன்னாள்: "மாமா, நான் உங்கள மாதிரிதான பேசுறேன்?"

"அதான் ஆத்தா. எங்கள மாதிரிப் பேச எங்களுக்கே தெரியுமே. நீ படிச்ச புள்ள."

கூட்டத்தின் முகத்தைப் பார்த்தேன். அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தங்கள் வாயில் இருந்து வருகிற பேச்சு கொஞ்சம் அசிங்கம். அதை ஒரு படித்த பெண் காலையில் திருப்பிச் சொன்னால் கேலியாகப் படுகிறது. அவளோ தன்னை அவர்களில் ஒருத்தியாக நினைத்துக்கொண்டு அப்படிப் பேசினாள்.

பிறகு எல்லாம் மரியாதையாக முடிந்தது. அவளை நீக்க வேண்டாம், ஆனால் இனிமேல் எழுதி வைத்துத்தான் வாசிக்க வேண்டும், எழுதித் தருவதற்கு மண்டபத்திலேயே சுத்தத் தமிழ் எழுதுகிறவர் இருக்கிறார். எல்லாக் கைகளும் என்னை நோக்கி உயர்ந்தன. "பாஸ் பண்ணிருவோமா?" என்றார் துணைத் தலைவர். பாஸ் பண்ணினார்கள்.

மறுத்தால் அவள் வேலை போய்விடும் என்று எழுத ஒப்புக்கொண்டேன். "இன்று மாலை மழைக்கு வாய்ப்பு உள்ளதால் மருந்து தெளிப்பதைத் தவிர்க்கவும். காலை பத்து மணி முதல் மின்தடை செய்யப்படும். இன்றைய சரக்குந்து ரத்து செய்யப்பட்டுள்ளது." அவள் சொல்லும் விவரத்தை வைத்து முந்தின இரவே எழுதி அனுப்பிவிடுவேன். ஒரு பிழை இல்லாமல் வாசித்தாள். நல்ல உச்சரிப்பு. பேருந்து நிலைய அறிவிப்பு போலவே இருந்தது.

விவசாயிகளுக்குப் புரியாமல் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நன்றாகவே புரிந்தது. பாராட்டினார்கள். "இப்பத்தான் சங்கம் சங்கமா இருக்கு," என்று எழுதினார்கள். பிறகு ஒன்றும் எழுதவில்லை. செய்தி போன உடனே கும்பிடும் கைகளின் படங்கள் மட்டும் வரிசையாக வந்து விழும். தெளிப்பதைத் தவிர்க்கவும் என்று சொல்கிற குரலிடம், கலக்கி வைத்த மருந்தைக் கொட்டிவிடவா என்று யாரும் கேட்க முடியாது. சரக்குந்து ரத்து செய்யப்பட்டுள்ளது என்றால் யார் செய்தார்கள் என்றும் கேட்க முடியாது. அந்தத் தமிழை அதற்காகத்தானே நாங்கள் அலுவலகத்தில் வளர்த்தோம்.

மழை வரும் என்று சொன்ன நாளில் கலக்கி வைத்திருந்த மருந்தைக் கொட்டாமல் மறுநாள் அடித்து, அது வேலை செய்யாமல், ஒருவர் தோட்டத்தில் இலையெல்லாம் நோய் விழுந்தது. "ஒரு வாய்ஸ் போட்டிருக்கலாமேண்ணே," என்று அவள் கேட்டதற்கு, "நீ பேசுற தோரணையப் பாத்தா தொந்தரவு பண்ண யோசனையா இருக்கும்மா," என்றார் அவர்.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன்பே செயலாளர் மறுபடி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஃபோன். தட்டினார். நான் முந்தின நாள் எழுதியதை ஒரு பெண் குரல் வாசித்தது. அவள் குரல் இல்லை.

"ஒரு ஆப்பு சார். டைப் பண்ணிப் போட்டா அதுவே ரீட் பண்ணிருது. எழுதுறது நீங்க, வாசிக்கறது மெஷினு. கேள்வியும் ஒண்ணும் வர்றதில்ல. அந்தப் புள்ளைக்கு எதுக்கு சம்பளம்னு கமிட்டியில கேக்காக."

"பழையபடி அவளைப் பேச விட்டா கேள்வி வரும்," என்றேன்.

"அதெப்படி சார்? ரெசல்யூஷன் பாஸ் ஆயிருச்சே."

நான் அதோடு எழுதுவதை நிறுத்தினேன். எதுவும் நின்றுபோகவில்லை. என் பழைய செய்திகளில் நாளையும் நேரத்தையும் மாற்றி அவர்களே போட்டுக்கொள்கிறார்கள்.

அவள் கோயம்புத்தூர் போய்விட்டாள். மாமியார் இங்கே, கணவன் சனிக்கிழமை பஸ் ஏறுகிறான். விதைக் கம்பெனியில் அவளுக்கு விவசாயிகளோடு ஃபோனில் பேசுகிற வேலை, அங்கே எப்படிப் பேசினாலும் யாரும் கேட்பதில்லையாம், விதை விற்றால் போதும். என்னோடு பேசும்போது மட்டும் அவள் பேச்சு மாறிவிட்டது. "நலமாக இருக்கிறேன் மாமா. உங்கள் உடல்நிலையைப் பார்த்துக்கொள்ளவும்," என்கிறாள். பிழை கண்டுபிடிக்க முடியாத தமிழ். நானும் சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.