அறுபத்து மூன்றில் நின்ற விளையாட்டு

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், ஒரு சேலைக் கடையின் மாடியில் அண்ணனும் நானும் நான்கு கம்ப்யூட்டர்களோடு கேம் கடை போட்டிருந்தோம். எங்களுக்குச் சொந்த லைன் இன்னும் வரவில்லை. கீழே சேலைக் கடை அக்காவின் போனிலிருந்து கம்பி இழுத்து மோடத்தில் செருகியிருந்தோம். நாங்கள் இணையத்தில் இருக்கும்வரை அவருக்கு எந்த அழைப்பும் வராது.

அன்று அவர் ஒரு அழைப்புக்காகக் காத்திருந்தார். லண்டனில் மகளுக்கு நிறைமாதம். எங்களுக்கோ புதிய கார்ப் பந்தய விளையாட்டு வேண்டும். அது சனிக்கிழமை வந்துவிடும் என்று, விளையாட வரும் பையன்களுக்கு அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். வாய் கொஞ்சம் நீளம் அவருக்கு.

பதிவிறக்கம் அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது. மறுபடி தொடங்கினாலும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து, அங்கேயே நின்றது.

"அக்கா, போனைத் தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க லா! லைன் கட்டாயிடுது," என்று படியிலிருந்து கத்தினார் அண்ணன்.

"நான் தொடவே இல்ல தம்பி." ஆனாலும் அக்கா, சேலைப் பொட்டலம் கட்டும் நாடாவை எடுத்து ரிசீவரைப் போனோடு சேர்த்துக் கட்டினார். அதைப் பார்த்தபோது எனக்கு அண்ணன் மேல் எரிச்சலாக வந்தது.

கட்டிய பிறகும் அறுபத்து மூன்றுதான்.

போன்தான் காரணமென்றால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாவது நகர்ந்து வேறு இடத்தில் நிற்கும். ஒரே இடத்தில் நிற்கிறதென்றால் கோளாறு எங்கள் பக்கம். சி டிரைவைத் திறந்தேன். இடமே இல்லை. விளையாட்டை டி டிரைவில் சேமிக்கச் சொல்லியிருந்தோம். ஆனால் பதிவிறக்கும் மென்பொருள், முழுதாக வந்து சேரும்வரை கோப்பை சி டிரைவின் தற்காலிக ஃபோல்டரில்தான் வைத்திருக்கும். அது நிரம்பியதும், ஏன் என்று சொல்லாமல் நின்றுவிடும்.

"லைனை வெட்டுங்கண்ணே. அரைகுறைக் கோப்பை அழிச்சிட்டு முதல்ல இருந்து போடணும்."

"அறுபத்து மூணு வந்திருச்சேம்மா!"

"அதோட கடைசித் துண்டு முழுசா எழுதியிருக்குமோ என்னமோ, நம்ப முடியாது."

அவர் முனகிக்கொண்டே லைனைத் துண்டித்தார். நான் அரைகுறைக் கோப்பை அழித்தேன். அழித்தது கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் கிடந்தாலும் இடம் பிடிக்கும் என்பதால் அதையும் காலி செய்தேன். தற்காலிக ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது கீழே போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. முடிச்சு இறுகிப் போயிருந்தது. கத்தரிக்கோல் தேடும் சத்தம் மாடிவரை கேட்டது. நாங்கள் இறங்கி ஓடினோம்.

அக்கா நாடாவை வெட்டி ரிசீவரைக் காதில் வைத்தார். மருமகன். பெண் குழந்தை. காலையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம், எப்போதும் எங்கேஜ்டாம். அக்கா அழுதார், சிரித்தார், எடை எவ்வளவு என்று கேட்டார். அண்ணன் சேலை அடுக்குகளுக்கு நடுவே தலை குனிந்து நின்றார்.

போனை வைத்ததும் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"உங்க கேம் எத்தன வந்துச்சு தம்பி?"

"சைபர்லேருந்து போடணும்கா."

"சரி, போடுங்க. நான் இனி போனுக்குக் காத்திருக்க வேண்டியதில்ல."