ஒன்பது லிட்டர் ஷவர்

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்போடு நின்றவன் நான்.

தோளில் ஆபரேஷன் ஆன என் மனைவியால் வாளி தூக்க முடியவில்லை. யார் துணையும் இல்லாமல் குளிக்க ஒரு ஷவர் கேட்டாள். இரண்டு பிளம்பர்களிடம் எஸ்டிமேட் வாங்கினேன். ஒருவர் எழுதிய ஷவருக்குப் பத்து வருட வாரண்டி, நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர். மற்றவருடையது இரண்டு வருடம், ஏழு லிட்டர். தண்ணீர்த் தொட்டியை உயர்த்த இரும்பு ஸ்டாண்டும் சேர்த்திருந்தார். அது வீண்செலவு என்று நினைத்தேன். கடையில் காட்டிய ஷவர் பெட்டிகளில் எனக்குப் புரிந்தவை எண்கள் மட்டுமே. கீழே இருந்த ஆங்கில வரியைக் கடைக்காரரிடம் கேட்க வெட்கப்பட்டு, பெரிய எண்ணுக்கே பணம் கட்டினேன்.

"குளிச்சேனா வேர்த்தேனாண்ணு தெரியல்ல," என்றாள் மனைவி, முதல் நாளே, நூலாக விழுந்த தண்ணீரில் நின்று.

வாரண்டி அட்டையோடும் பெட்டியோடும் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அந்த வரியை வாசித்தார்.

"அண்ணா, பத்து மீட்டர் பொக்கத்திலேருந்து வெள்ளம் வந்தாத்தான் ஒன்பது லிட்டராக்கும். ஒங்க தொட்டி?"

"ஷவருக்கு மேல ஒரு மீட்டர் உசரம் காணும்."

"அப்போ சாதனத்துக்குக் கேடில்ல. ஒழுகினாத்தான் வாரண்டி. அன்னைக்கே கேட்டிருந்தா வாசிச்சுத் தந்திருப்பேனே!"

ஸ்டாண்டுக்கு இப்போது கையில் காசில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்துதான் தினமும் அவளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். என் வெட்கத்துக்காக என் மனைவி கூசி நிற்கிறாள்.

1997, ஓணம் கழிந்த இரண்டாம் ஞாயிறு.